கோட்டுக்கும் டி-ஷர்ட்டுக்கும் நடுவே

முதலீட்டாளரைச் சந்திக்கப் போகும் வாரத்தில் ஸ்டார்ட்அப் நிறுவனர்கள் ஸ்லைடுகளைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறார்கள். வருமானக் கணக்கைச் சரிபார்க்கிறார்கள். கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி வைக்கிறார்கள். உடை பற்றிய நினைப்பு பெரும்பாலும் முதல் நாள் இரவு பதினொரு மணிக்குத்தான் வருகிறது. அலமாரியைத் திறந்தால் அங்கே இருப்பது இரண்டு: கல்யாணத்துக்குத் தைத்த கோட் சூட், தினமும் வேலைக்குப் போட்டுப் போகும் டி-ஷர்ட். இரண்டில் எதைப் போட்டுக்கொண்டு போனாலும் சங்கடம்தான். ஏன் சங்கடம் என்று புரிந்துகொண்டால், இரண்டுக்கும் நடுவில் எதை உடுத்துவது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

முதலில் கோட் சூட்டைப் பார்ப்போம். பேபால் நிறுவனர்களில் ஒருவரும் பிரபல முதலீட்டாளருமான பீட்டர் தீல், 2014இல் வெளியான ‘ஜீரோ டு ஒன்’ நூலில் தன் முதலீட்டு நிறுவனம் கடைப்பிடித்த ஒரு விதியைச் சொல்கிறார். தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்துபவர் முதலீடு கேட்க கோட் சூட்டில் வந்தால், அந்த நிறுவனத்தில் பணம் போடுவதில்லை. அப்போது சூரிய மின்சாரம் போன்ற துறைகளில் முதலீடு குவிந்துகொண்டிருந்தது. பொருளை உருவாக்கத் தெரியாமல், விற்கவும் பணம் திரட்டவும் மட்டும் தெரிந்தவர்கள் பலர் அந்தத் துறைக்கு வந்தார்கள். அவர்களை அடையாளம் காண உடை ஒரு சுருக்கு வழியாக இருந்தது என்பது அவர் வாதம். இந்த விதி எல்லா ஊருக்கும் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. ஆனாலும் தொழில்நுட்ப முதலீட்டாளர் அறையில் கோட் சூட் என்ன சொல்லிவிடக்கூடும் என்பதை இது காட்டுகிறது: இவர் பொருளைச் செய்தவர் இல்லை, விற்க வந்தவர்.

அடுத்து டி-ஷர்ட். அதற்குச் சாட்சியாக எல்லோரும் மார்க் சக்கர்பெர்க்கைக் கூப்பிடுவார்கள். 2012 மே மாதம், ஃபேஸ்புக் பங்குச் சந்தைக்கு வருவதற்கு முன், நியூயார்க் முதலீட்டாளர்களைச் சந்திக்க அவர் தலைக்கவசத் துணியோடு கூடிய ஹூடியில் போனார். ஒரு பங்கு ஆய்வாளர், இது முதிர்ச்சியின்மையைக் காட்டுகிறது, பணம் போடுபவர்களுக்குரிய மரியாதையை அவர் தரவில்லை என்று வெளிப்படையாகக் குறை சொன்னார். அதனால் பங்கு விற்பனை நின்றுவிடவில்லை. ஆனால் அப்போது ஃபேஸ்புக்கில் சுமார் 90 கோடிப் பேர் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. அதே சக்கர்பெர்க், பொருளாதார மந்தநிலை வாட்டிய 2009ஆம் ஆண்டு முழுக்க, இந்த ஆண்டை நாங்கள் தீவிரமாக எடுத்துக்கொள்கிறோம் என்று காட்ட தினமும் டை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். 2018 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போனபோது கோட் சூட்டில் போனார். எந்த இடத்தில் எதை உடுத்த வேண்டும் என்று யோசிக்காதவர் இல்லை அவர்.

இதை ஆராய்ந்து பார்த்தவர்களும் உண்டு. ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த சில்வியா பெலெட்சா, ஃபிரான்செஸ்கா ஜீனோ, அனத் கெய்னான் மூவரும் 2014இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மிலான் நகரின் ஆடம்பரக் கடைகளில் வேலை செய்பவர்களிடம் கேட்டபோது, பகட்டான உடையில் வரும் பெண்ணைவிட உடற்பயிற்சி உடையில் வரும் பெண்ணுக்குத்தான் வசதி அதிகம் இருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் இந்தப் பலன் கிடைக்க ஒரு நிபந்தனை இருந்தது. வழக்கத்தை மீறியவர் தெரிந்தேதான் மீறினார் என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும். தெரியாமல், அல்லது வேறு வழியில்லாமல் அப்படி வந்திருக்கிறார் என்று தோன்றினால் மதிப்பு கூடுவதில்லை. முதல் முறையாக முதலீடு கேட்கப் போகும் இளைஞரை எதிரே இருப்பவருக்கு முன்பின் தெரியாது. கழுத்துப் பகுதி தளர்ந்த டி-ஷர்ட்டில் அவர் வந்து நின்றால், அது துணிச்சலா அலட்சியமா என்று முடிவு செய்ய எதிரே இருப்பவரிடம் எந்த ஆதாரமும் கிடையாது.

முதலீட்டாளர் யாரைத் தேடுகிறார்?

தொடக்க நிலையில் இருக்கும் நிறுவனத்தைப் பற்றி முடிவெடுக்க முதலீட்டாளரிடம் அதிகக் கணக்குகள் இருக்காது. ஆகவே அவர் ஆளைப் பார்க்கிறார். நாளைக்கு இந்த ஆளை ஒரு வாடிக்கையாளர் முன் உட்கார வைத்தால் எப்படி இருப்பார், பெரிய நிறுவனத்திலிருந்து ஒரு அனுபவசாலியை வேலைக்கு எடுக்கப் பேசினால் அவர் நம்பி வருவாரா என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறார். உடையைப் பற்றிய விடை இந்த ஒத்திகையில்தான் இருக்கிறது. உங்கள் மிக முக்கியமான வாடிக்கையாளரைச் சாதாரண வேலை நாள் ஒன்றில் சந்திக்கப் போனால் எதை உடுத்துவீர்களோ, முதலீட்டாளரைச் சந்திக்கவும் அதையே உடுத்துங்கள். புதுத் துணி எடுக்க வேண்டிய அவசியம்கூட இதில் குறைகிறது. ஏற்கெனவே நாலைந்து முறை போட்டு, உடம்புக்குப் பழகிய உடையாக அது இருக்கும்.

இதனால் தொழிலுக்குத் தொழில் விடை மாறும். வங்கிகளுக்கு மென்பொருள் விற்பவர் பிளேசரோடு போவது இயல்பு. அவருடைய வாடிக்கையாளர் அப்படித்தான் எதிர்பார்ப்பார். மருத்துவமனை நிர்வாகத்துக்கு விற்பவருக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். கல்லூரி மாணவர்களுக்கான விளையாட்டுச் செயலி செய்பவர் பிளேசர் போட்டால் ஒட்டாது. அவருக்கு நல்ல துணியில் தைத்த, கழுத்து தளராத டி-ஷர்ட்டும் அடர்நிற ஜீன்ஸும் போதும்.

இதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். போகும் அறையில் இருப்பவர்கள் வழக்கமாக என்ன உடுத்துகிறார்கள்? இதைக் கண்டுபிடிப்பது சுலபம். முதலீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் படங்களை மட்டும் நம்ப வேண்டாம், அவை ஸ்டுடியோவில் எடுத்தவையாக இருக்கும். அவர்கள் கலந்துகொண்ட மேடைப் பேச்சு, பேட்டி ஆகியவற்றின் யூடியூப் காணொளிகளில் இரண்டைப் பாருங்கள். அல்லது அவர்களிடம் ஏற்கெனவே முதலீடு பெற்ற ஒருவரிடம் போனில் கேளுங்கள். அவர்கள் அன்றாடம் உடுத்துவதைவிட ஒரு படி மேலே நின்றால் சரி. அவர்கள் போலோ டி-ஷர்ட்டில் இருந்தால் நீங்கள் காலர் வைத்த முழுக்கைச் சட்டையில் இருக்கலாம். அவர்கள் சட்டையில் இருந்தால் நீங்கள் பிளேசர் போடலாம். இரண்டு படி மேலே போனால்தான் விறைப்பாகத் தெரியும்.

ஒரு நிறுவனம், மூன்று சந்திப்புகள்

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் நிறுவனம். கிராமங்களில் பால் சேகரிக்கும் மையங்களில் உள்ள குளிரூட்டும் தொட்டிகளுக்கு வெப்பநிலை சென்சார் பொருத்துகிறார்கள். ஒருவர் விற்பனையைக் கவனிக்கும் ஆண், இன்னொருவர் கருவியை வடிவமைத்த பெண். வாடிக்கையாளர்கள் பால் நிறுவன மேலாளர்கள். அங்கே யாரும் கோட் போடுவதில்லை. இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட், கறுப்பு அல்லது பழுப்பு ஷூ. ஒரே பத்து நாளில் இவர்களுக்கு மூன்று சந்திப்புகள்: சென்னையில் ஏஞ்சல் முதலீட்டாளர் குழு, பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு முதலீட்டு நிறுவனம், சிங்கப்பூரில் உள்ள நிதியோடு வீடியோ கால்.

சென்னைச் சந்திப்பு ஒரு ஓட்டலின் கூட்ட அறையில் நடக்கிறது. எதிரே இருப்பவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள், தொழிற்சாலை நடத்தியவர்கள், பெரிய நிறுவனங்களில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். இங்கே ஆணுக்கு வெள்ளை முழுக்கைச் சட்டை, கரும் நீல பேன்ட், பழுப்பு லெதர் ஷூ, டை கிடையாது. பிளேசரைக் கையில் எடுத்துப் போகலாம். சென்னைக்கு வெள்ளை பொருந்த ஒரு காரணம் உண்டு. வியர்வை பட்டால் சாம்பல் நிறமும் இளநீலமும் உடனே கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளையிலும் கரும் நீலத்திலும் ஈரம் அவ்வளவாகத் தெரியாது. லினன் காற்றோட்டமாக இருக்கும் என்று பலர் ஆசைப்படுவார்கள். காரில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் அதன் இடுப்புப் பகுதி முழுக்கச் சுருக்கம் விழுந்துவிடும். இதற்குக் கொஞ்சம் கனமான பருத்திதான் ஏற்றது.

காலரையும் கவனிக்க வேண்டும். டை கட்டாதபோது சாதாரணச் சட்டையின் காலர் இரண்டு பக்கமும் சரிந்து பிளேசருக்கு அடியில் போய்விடும். காலர் முனையில் சின்ன பட்டன் வைத்த ஆக்ஸ்ஃபோர்டு சட்டை நிமிர்ந்து நிற்கும். அரை மணி நேரம் பேசினாலும் அது சரியாது என்பதால், அதைக் கையால் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியதில்லை.

அங்கே வந்திருந்த ஒரு பெரியவர் அடுத்த சந்திப்புக்குத் தன் வீட்டுக்கே கூப்பிடலாம். நம் ஊரில் இது நடக்கும். அப்போது வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டும். கயிறு கட்டும் ஷூ போட்டிருந்தால் குனிந்து அவிழ்க்க நேரமாகும், அவர் நின்று காத்திருப்பார். காலை நுழைத்துக்கொள்ளும் லோஃபர் இதற்கு வசதி. ஓட்டையில்லாத, ஒரே ஜோடியைச் சேர்ந்த சாக்ஸ் இங்கேதான் கண்ணில் படும்.

பெங்களூரு அலுவலகத்தின் வழக்கம் வேறு. எதிரே இருப்பவர்கள் நாற்பதுக்குக் கீழே, போலோ டி-ஷர்ட்டும் ஸ்னீக்கரும் போட்டவர்கள். இங்கே அதே சட்டையின் கையை முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பு மடித்து, கீழே காக்கி நிற சினோஸ் போடலாம். சுத்தமான வெள்ளை ஸ்னீக்கரும் சரி. ‘சுத்தமான’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், கணுக்காலுக்கு மேல் எவ்வளவு நேர்த்தி இருந்தாலும் மண் ஒட்டிய ரப்பர் விளிம்பு அதைக் கெடுத்துவிடும். காலை ரயிலில் போகிறவர் பழைய டி-ஷர்ட்டில் பயணம் செய்து, இறங்கியபின் சட்டை மாற்றிக்கொள்வது நல்லது. ஐந்து மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்த முதுகை எந்த இஸ்திரியும் தாங்காது.

நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பத்து நிறுவனங்கள் வரிசையாக மேடையேறும் டெமோ நாளில் அதற்குப் பயன் உண்டு. யார் எந்த நிறுவனம் என்று கூட்டத்தில் அடையாளம் தெரியும். நிகழ்ச்சி முடிந்து காபி குடிக்கும்போது முதலீட்டாளர் தேடி வந்து பேசுவார். ஆனால் நான்கு பேர் மட்டும் உட்காரும் அறையில் யார் எந்த நிறுவனம் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே அந்த டி-ஷர்ட் எதையும் கூடுதலாகச் சொல்வதில்லை.

பெண் நிறுவனருக்குக் கூடுதல் கணக்கு

நம் நிறுவனத்தின் இன்னொரு பாதியைப் பார்ப்போம். பெண் நிறுவனர்கள் முன் இருக்கும் தேர்வு அதிகம், அதனால் குழப்பமும் அதிகம். சேலை, குர்தா, பேன்ட் சட்டை மூன்றும் இங்கே முறையான உடைகள்தான். எதில் நீங்கள் இயல்பாக நடந்து, உட்கார்ந்து, கையை உயர்த்திப் பேசுவீர்களோ அதுதான் சரி. வருடத்துக்கு இரண்டு முறை சேலை கட்டுபவர் அன்றைக்குக் கட்டினால் கவனத்தில் பாதி முந்தானையில் போய்விடும். தினமும் கட்டுபவருக்கு அதைவிட வசதியான உடை இல்லை. கஞ்சி போட்ட பருத்திச் சேலை கார் பயணத்தில் கசங்கும். மெல்லிய கைத்தறிப் பட்டு, கிரேப் போன்றவை அவ்வளவு கசங்காது. பெரிய ஜரிகைக் கரை வேண்டாம், அது கல்யாண வீட்டை நினைவூட்டும்.

குர்தா போடுபவர், நேர்வெட்டுக் குர்தாவும் பேன்ட்டும் போட்டு, மேலே பட்டன் போடாத பிளேசரை அணிந்தால் சென்னை ஓட்டலுக்கும் பெங்களூரு அலுவலகத்துக்கும் பொருந்தும். துப்பட்டாவைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. அது மைக்கில் உரசும்.

மேடையில் பேசுபவர்களுக்கு மைக் பெரிய சிக்கல். சட்டையில் குத்தும் சிறிய மைக்கோடு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவியையும் தருவார்கள். அதை இடுப்பில் மாட்ட பெல்ட்டோ பாக்கெட்டோ வேண்டும். பாக்கெட் இல்லாத குர்தாவில் அதை மாட்ட இடம் இருக்காது. மேடையேற இரண்டு நிமிடம் இருக்கும்போது, ஒலி அமைப்பாளர் கையில் கருவியோடு தவிப்பார். பிளேசர் பாக்கெட்டோ பேன்ட் இடுப்புப் பட்டையோ இருந்தால் பிரச்சினை இல்லை. சேலையில் முதுகுப் பக்கம், பாவாடை நாடாவில் மாட்டலாம். அந்த நாடா இறுக்கமாக இருக்க வேண்டும். கண்ணாடி வளையல்கள் மேசையில் தட்டும் சத்தமும் மைக்கில் விழும், அன்றைக்கு ஒரு கைக்கு ஒற்றை வளையல் போதும்.

திரைக்கு எது ஒத்துவரும்?

சிங்கப்பூர் வீடியோ காலில் வேறு விதிகள். நெருக்கமான கோடுகளும் குட்டிக் கட்டங்களும் கேமராவில் அலையலையாக நெளியும். பார்ப்பவர் கண் அங்கேயே போகும். தூய வெள்ளைச் சட்டை போட்டால் சில கேமராக்கள் வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். அடர்நீலம், அடர்பச்சை, செங்கல் நிறம் போன்ற ஒற்றை நிறம் பாதுகாப்பானது. பின்னால் இருக்கும் சுவரின் நிறத்திலேயே சட்டை இருந்தால் தலை மட்டும் தனியே மிதப்பதுபோல் தெரியும். கால் தொடங்கும் முன்பே கேமராவைத் திறந்து ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். கீழே முழு பேன்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள். சார்ஜரை எடுக்க எழ வேண்டி வரலாம்.

முதல் நாள் மாலை

முழு உடையையும் ஒரு நாள் முன்னதாக, வெளிச்சம் இருக்கும்போதே போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நிற்பதால் மட்டும் எதுவும் தெரியாது. நாற்காலியில் உட்காருங்கள். சட்டைப் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அது ஒரு அளவு சின்னது. திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டுவதுபோல் வலது கையை உயர்த்துங்கள். சட்டை பேன்ட்டிலிருந்து வெளியே வந்தால் அதன் நீளம் போதாது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். கீழே வழிந்தால் அண்ணன் சட்டையைப் போட்டதுபோல் இருக்கும். லேப்டாப்பை பையிலிருந்து எடுத்துக் கேபிள் மாட்ட ஒரு முறை குனிந்து பாருங்கள், முதுகுப்பக்கம் என்ன ஆகிறது என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

புது பிளேசர் என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். இடது கையின் முனையில் கம்பெனி பெயரோடு ஒரு துணிப் பட்டை தைத்திருக்கும். பின்பக்கப் பிளவில், கடையில் வடிவம் கலையாமல் இருக்க, பெருக்கல் குறி வடிவில் ஒரு தையல் போட்டிருப்பார்கள். இரண்டையும் பிரித்துவிட்டுத்தான் போட வேண்டும். பலர் அப்படியே போட்டுக்கொண்டு வருகிறார்கள். பழகியவர் கண்ணுக்கு அது உடனே தெரியும். பிளேசரின் கடைசிப் பட்டனைப் போடக்கூடாது, உட்காரும்போது எல்லாப் பட்டனையும் கழற்றிவிட வேண்டும். பாக்கெட்டில் போன், சாவிக்கொத்து, பர்ஸ் மூன்றும் புடைத்துக்கொண்டிருந்தால் நல்ல தையலும் வீணாகும், அவை பைக்குள் போகட்டும். நுழைவாயிலில் கழுத்தில் மாட்டிவிட்ட விருந்தினர் அட்டையைப் பேசத் தொடங்கும் முன் கழற்றி வையுங்கள். மைக்கில் அதுவும் தட்டும்.

நிறுவனர்கள் இருவர் என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது அவசியம். ஒருவர் பிளேசரிலும் இன்னொருவர் ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டிலும் வந்தால், ஒருவர் முதலாளி, இன்னொருவர் அவரிடம் வேலை செய்பவர் என்று தோன்றும். சரிபாதிப் பங்கு வைத்திருப்பவர்களுக்கு அது நல்லதல்ல. சீருடை தேவையில்லை, ஒரே படியில் நின்றால் போதும்.

இங்கே ஸ்ரீதர் வேம்புவை உதாரணம் காட்டி, வேட்டியில் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர் வேட்டி சட்டையில் இருப்பதை நாடே பார்த்திருக்கிறது. ஆனால் சோஹோ வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்த நிறுவனம். வேட்டியிலேயே வாடிக்கையாளரைச் சந்திப்பவர், தினமும் அதில் இயங்குபவர் தாராளமாக வேட்டியில் போகலாம். அன்று ஒரு நாளைக்கு மட்டும் கட்டுபவரைப் பார்த்தால் நாடகம் என்று புரிந்துவிடும்.

எவ்வளவு விசாரித்தாலும் சில நேரம் கணிப்பு தவறும். அதனால்தான் பிளேசரைக் கையில் எடுத்துப் போவது பயனுள்ளது. அறைக்குள் எல்லோரும் டி-ஷர்ட்டில் இருந்தால் பிளேசரை நாற்காலியில் மாட்டிவிட்டுக் கையை மடித்துக்கொள்ளலாம், ஒரு படி இறங்கியாயிற்று. டி-ஷர்ட்டில் போனவருக்கு ஏறிக்கொள்ள வழி இல்லை. உடையைப் பற்றி மன்னிப்புக் கேட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டாம். நீங்கள் சொன்னபிறகுதான் அவர்கள் அதைக் கவனிப்பார்கள்.

முதல் சந்திப்பு நன்றாகப் போனால் இரண்டாவது, மூன்றாவது என்று கூப்பிடுவார்கள். பெரும்பாலும் கடைசியில் அந்த நிறுவனத்தின் எல்லாப் பங்குதாரர்களும் உட்காரும் கூட்டத்தில் பேச வேண்டியிருக்கும். அது பெரிய நாள் என்று திடீரென்று கோட் சூட்டுக்குத் தாவ வேண்டாம். முதல் நாள் பார்த்த ஆளை நம்பித்தான் அவர்கள் இவ்வளவு தூரம் அழைத்து வந்திருக்கிறார்கள். அதே பேன்ட், அதே ஷூ, அதே தரத்தில் வேறொரு சட்டை போதும். இப்படி இரண்டு மூன்று சட்டையும் ஒரு பிளேசரும் சேர்ந்துவிட்டால், முதல் நாள் இரவு அலமாரி முன் நிற்க வேண்டியதில்லை. அந்த நேரத்தை, நாளை நிச்சயம் கேட்கப்போகும் கேள்விக்குப் பதிலை இன்னொரு முறை சொல்லிப் பார்க்கச் செலவிடலாம்.